காலக்கெடு முடிந்த டேட்டாபேஸ் டம்ப்: எங்கே தேடுவது, எப்படி அழிப்பது

கேள்வி: பெங்களூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக மூன்று வருஷம் நடத்திய அப்ளிகேஷனின் ஒப்பந்தம் முடிந்து, அதற்குப் பிறகு தரவை வைத்திருக்க வேண்டிய ஒரு வருஷமும் முடிந்துவிட்டது. மெயின் டேட்டாபேஸை அழித்துவிட்டோம். ஆனால் பழைய டம்ப், பேக்கப் எல்லாம் சர்வர், மெயில், டிரைவ் என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் அழித்தாயிற்று என்று கடிதம் கேட்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

முதலில் எதையும் அழிக்காதீர்கள். புதிதாக டம்ப் எடுத்துக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் எங்காவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் டேட்டாபேஸ் போன பிறகும் கிரான் ஓடிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். பேக்கப் ஃபோல்டரில் தினம் ஒரு `.sql.gz`, ஒவ்வொன்றும் வெறும் 20 பைட் என்று வரிசையாகக் கிடந்தால் அதுதான் அடையாளம். டம்ப் தோற்றுப்போய், காலியான உள்ளடக்கத்தை ஜிஜிப் சுருக்கி வைத்திருக்கிறது.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. பல கம்பெனிகளில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
set -eo pipefail
mysqldump appdb | gzip > /backup/appdb_$(date +%F).sql.gz
find /backup -name 'appdb_*' -mtime +30 -delete
```

முப்பது நாள் தாண்டியதைத் தானே அழித்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். டேட்டாபேஸ் இருந்தவரைக்கும் அது உண்மைதான். அதை அழித்த மறுநாள் இரண்டாவது வரி தோற்கும். முதல் வரியில் உள்ள `set -e` காரணமாக ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், மூன்றாவது வரி இனி ஓடவே ஓடாது. கடைசி ஒரு மாத டம்ப் முழுவதும் அப்படியே தங்கிவிடும். அதாவது, மெயின் தரவை அழித்த செயலே பேக்கப் சுத்தமாவதையும் நிறுத்திவிட்டது. `crontab -l` ஒவ்வொரு யூசருக்கும் பாருங்கள், `/etc/cron.d`, `systemctl list-timers` இரண்டையும் விடாதீர்கள். நிறுத்திய பிறகு அடுத்த வேலைக்குப் போகலாம்.

இரண்டாவது, வாடிக்கையாளரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள்: இந்தத் தரவில் எதையும் வேறு சட்டத்துக்காகவோ வழக்குக்காகவோ நிறுத்தி வைக்க வேண்டியதில்லை, அழிக்கலாம் என்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. உங்களைப் போல அவர்கள் சார்பில் தரவைக் கையாள்பவரையும் அழிக்க வைக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது. (விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு.) ஆனால் அதே சட்டம், வேறு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியதை விலக்கியும் வைக்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். உங்கள் டம்பில் இன்வாய்ஸ் டேபிளும் இருந்தால், அதன் வேறு பிரதி அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அந்த டேபிளை மட்டும் தனியாக எடுத்து அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு டம்பை அழியுங்கள். இன்வாய்ஸுக்காக முழு டம்பையும் வைத்திருக்கிறோம் என்பது காரணமாகாது. அப்புறம், சர்வரின் அணுகல் பதிவுகள் வேறு, டம்ப் வேறு. செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சுத்தம் செய்யும் வேகத்தில் `/var/log`-ஐயும் துடைத்துவிடாதீர்கள்.

சரி, இனி தேடல். இதில்தான் நேரமெல்லாம் போகும், போகவும் வேண்டும். ஃபைல் பெயரை வைத்து மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் நான் உதவப் போயிருந்த ஒரு டீமின் கதையைச் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு அது நெருக்கமானது. பள்ளிகளுக்கான கட்டண அப்ளிகேஷன். பெற்றோர் பெயர், போன் எண், பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் உள்ளே. அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு பெயர்: `feesdb_20230614.sql.gz`, 2.3 ஜிபி. அதைப் பேக்கப் ஃபோல்டரில் அழித்துவிட்டு முடிந்தது என்று நினைத்திருந்தார்கள்.

நாங்கள் கட்டளைக்கு முன்னால் ஆட்களிடம் போனோம். அந்த டம்ப் எதற்காக எடுக்கப்பட்டது என்று பழைய டிக்கெட்டைப் பார்த்தால், ஸ்டேஜிங் சர்வரில் ஏற்றிச் சோதிப்பதற்காக. சோதித்த பையனிடம், "தம்பி, ஸ்டேஜிங்கில் ஏற்றிய ஃபைலை அப்புறம் எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டேன். "அங்கே அழித்துவிட்டேன் அண்ணா. ஆனால் ஸ்டேஜிங் ரொம்ப ஸ்லோ. வெள்ளிக்கிழமை சேலம் பஸ் ஏறும்போது லேப்டாப்பில் போட்டுக்கொண்டு போய், வீட்டில் டாக்கரில் ஏற்றித்தான் வேலை பார்த்தேன்" என்றார். லேப்டாப்பில் பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் டம்ப் இல்லை. ஆனால் `docker volume ls` கொடுத்தால் ஒரு வால்யூம் பெயர் இல்லாமல் கிடந்தது. கன்டெய்னரை அழித்தாலும் பெயர் வைத்த வால்யூமோ விட்டுப்போன வால்யூமோ தானாகப் போகாது. முழு டேட்டாபேஸும் அதற்குள் பத்திரமாக இருந்தது. இது டம்பே இல்லை, ஓடத் தயாராக இருக்கும் டேட்டாபேஸ். எந்த `.sql` தேடலிலும் இது சிக்கியிருக்காது.

அதனால் கேள்வி "டம்ப் எங்கே இருக்கிறது?" என்று இருக்கக்கூடாது. "இதை யார் எடுத்தார், எதற்கு, யாரிடம் கொடுத்தார், அவர் என்ன செய்தார்?" என்று ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் போங்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போலக் கேட்காதீர்கள், இல்லையென்றால் வாயே திறக்க மாட்டார்கள். கம்பெனியை விட்டுப் போனவர்களையும் கேளுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பதில் வந்துவிடும்.

அதற்குப் பிறகு கட்டளை. ஒவ்வொரு லினக்ஸ் சர்வரிலும்:

```
find / -xdev -type f -size +1M \
  \( -iname '*.sql*' -o -iname '*.dump*' -o -iname '*.bak*' \) \
  -printf '%TY-%Tm-%Td %s %u %p\n'
```

`-xdev` போட்டால் தேடல் அந்த ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நிற்கும். அதனால் `df` காட்டும் ஒவ்வொரு மவுண்டுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். இதை மறந்தால் தனி டிஸ்க்காக மவுண்ட் செய்த பேக்கப் ஃபோல்டரே கண்ணில் படாமல் போகும். பெயர் மாற்றியவைக்கு, பெரிய ஃபைல்களை `file` கட்டளையால் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் கஸ்டம் டம்பை அது நேராகவே அடையாளம் சொல்லிவிடும். சுருக்கிய ஃபைல் என்றால் தலையைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்:

```
zcat test.gz | head -5
zcat test.gz | tail -1
```

தலையில் `-- MySQL dump`, `-- MariaDB dump` அல்லது `-- PostgreSQL database dump` இருந்தால் ஆள் அகப்பட்டார். மரியாடிபியின் புதிய பதிப்புகளில் முதல் வரி வேறு ஒரு கமெண்டாக இருக்கும், அதனால்தான் ஐந்து வரி. மைஎஸ்க்யூஎல் டம்பின் கடைசி வரியைக் கவனியுங்கள்: `-- Dump completed on 2023-06-14` என்று எடுத்த தேதி இருக்கும். ஃபைலை காப்பி செய்தால் ஃபைலின் தேதி மாறிவிடும், இந்த வரி மாறாது. காலக்கெடு முடிந்ததா என்று தீர்மானிக்க இதைத்தான் நம்ப வேண்டும். கடைசி வரி இல்லையென்றால் டம்ப் நடுவில் அறுந்தது என்று அர்த்தம். அறுந்த டம்பிலும் போன் எண்கள் இருக்கும், அதுவும் போக வேண்டியதே. போஸ்ட்கிரெஸ் கஸ்டம் டம்புக்கு `pg_restore -l` கொடுத்தால் மேலேயே எடுத்த நேரம் வரும். எச்எஸ்ஆர் டீமில் இப்படித் தேடி, `/opt` உள்ளே `test.gz` என்ற பெயரில் அதே ஜூன் 14 டம்ப் கிடைத்தது.

இரண்டு ஃபைலும் ஒன்றுதானா என்று பார்க்க `.gz`-இன் ஹாஷை ஒப்பிடாதீர்கள். ஜிஜிப் தன் தலைப்பகுதியில் நேரத்தையும் பெயரையும் எழுதி வைப்பதால், ஒரே உள்ளடக்கமும் வேறு ஹாஷ் தரலாம். `zcat test.gz | sha256sum` என்று உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள்.

சர்வரில் அழிப்பதற்கு `rm` போதுமா? கிளவுடில் போதும், அதற்கு மேல் சாதித்துவிட முடியாது. `shred` ஓட்டினால் மனசுக்கு நிம்மதி, அவ்வளவுதான். எஸ்எஸ்டியில் மேலெழுதுவது அதே இடத்தில் விழும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள்: அழித்த பிறகும் டிஸ்க் இடம் கூடவில்லையென்றால், ஏதோ ஒரு புராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. `lsof +L1` அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் புராசஸை நிறுத்தும்வரை தரவு டிஸ்க்கில்தான் இருக்கும்.

இனி வரும் இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத் தொல்லை உண்டு. டெலீட் அழுத்தினால் கண் முன்னால் இருந்து மறையும், பின்னால் இன்னொரு அடுக்கில் இருக்கும். அந்த அடுக்கின் பெயர் இடத்துக்கு இடம் வேறு.

அமேசான் எஸ்3 பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டிருந்தால், அழிப்பது என்பது மேலே ஒரு டெலீட் மார்க்கர் வைப்பது மட்டுமே. பழைய வெர்ஷன் அப்படியே இருக்கும், அதற்கு மாதாமாதம் பில்லும் வரும்.

```
aws s3api list-object-versions --bucket BUCKET --prefix dumps/
aws s3api list-multipart-uploads --bucket BUCKET
```

முதல் கட்டளையில் வரும் ஒவ்வொரு `VersionId`-ஐயும் குறிப்பிட்டு அழிக்க வேண்டும், அல்லது பழைய வெர்ஷன்களை நீக்கும் லைஃப்சைக்கிள் விதி போட வேண்டும். இரண்டாவது, பாதியில் நின்ற அப்லோடுகளைக் காட்டும். அவை கன்சோலின் சாதாரணப் பட்டியலில் தெரியவே தெரியாது. ஆர்டிஎஸ் என்றால், தானாக எடுக்கும் பேக்கப் அதிகபட்சம் 35 நாளில் போய்விடும். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் யாராவது அழிக்கும்வரை இருக்கும், டேட்டாபேஸை அழிக்கும்போது கடைசியாக எடுக்கச் சொல்லிக் கேட்கும் ஃபைனல் ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். உங்கள் மெயின் டேட்டாபேஸை அழித்தவர் அங்கே சரி என்று டிக் போட்டிருப்பார், பந்தயம் கட்டலாம். மும்பை ரீஜியனில் மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். பேரிடர் மீட்புக்கு என்று ஹைதராபாத்துக்கோ சிங்கப்பூருக்கோ நகல் போயிருக்கும், ஒவ்வொரு ரீஜியனிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

டம்ப் கிடந்த சர்வரே தினமும் பேக்கப் ஆகியிருந்தால், அந்தப் பேக்கப்புக்குள்ளும் டம்ப் இருக்கும். ரெஸ்டிக் பயன்படுத்தினால் `forget` மட்டும் கொடுத்தால் பட்டியலிலிருந்துதான் போகும், `prune` ஓடினால்தான் தரவு போகும். முழு மெஷினின் இமேஜ் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபைலைப் பிய்த்தெடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதற்கு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த இமேஜ் எந்தத் தேதியில் சுழற்சியில் விழும் என்று குறித்துக்கொள்ளுங்கள், அதுவரை யாரும் அதை ரீஸ்டோர் செய்தால் டம்பை உடனே மறுபடி அழிக்க வேண்டும் என்று பேக்கப் பார்ப்பவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

மெயிலுக்கு வருவோம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது, டிரைவ் லிங்க்காக மாறிவிடும். அதனால் மெயிலில் முழு டம்பைவிட, அதிலிருந்து பிரித்த சிஎஸ்வி, எக்செல்தான் அதிகம் கிடைக்கும். எச்எஸ்ஆர் டீமிலும் ரிப்போர்ட் பார்க்கும் மேடம் கேட்டார் என்று பெற்றோர் டேபிளை மட்டும் ஒரு ஜிப்பாக அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியில் இப்படித் தேடலாம்:

```
in:anywhere has:attachment (filename:sql OR filename:gz OR filename:zip OR filename:csv OR filename:xls OR filename:xlsx) larger:1M
```

`in:anywhere` போட்டால் டிராஷ், ஸ்பாமும் சேரும். அனுப்பியவர் தன் சென்ட் மெயிலை அழித்தால் பெற்றவர் பெட்டியில் போகாது. மேடம் அதைத் தன் பாஸுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் மூன்றாவது பெட்டி. ஒரு மெயில் கிடைத்ததும் அதன் டூ, சிசி, ஃபார்வர்டு மூன்றையும் குறித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் அழிக்கச் சொல்லுங்கள். வெளியாட்களுக்குப் போயிருந்தால் உங்கள் கை அங்கே எட்டாது. அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலைச் சேர்த்து வைப்பதுதான் முடிந்தது.

டிரைவில் முதலில் ஓனர் யார் என்று பாருங்கள். உங்கள் ஃபோல்டரில் இருந்தாலும் வேறொருவர் போட்ட ஃபைலின் ஓனர் அவர்தான். ஃபோல்டரை நீங்கள் அழித்தாலும் அந்த ஃபைல் அவர் கணக்கில் உயிரோடு இருக்கும். யாராவது "மேக் எ காப்பி" கொடுத்திருந்தால் அது சம்பந்தமே இல்லாத தனி ஃபைல். அட்மின் கன்சோலின் டிரைவ் பதிவுகளில் ஃபைல் பெயரைப் போட்டால் யார் டவுன்லோட் செய்தார், யார் நகல் எடுத்தார் என்று தெரியும், ஆனால் அது கடைசி ஆறு மாதத்துக்குத்தான். டிராஷில் போட்டது 30 நாளில் தானாகப் போகும். டிராஷைக் காலி செய்த பிறகும் அட்மின் 25 நாளுக்குள் மீட்டெடுக்கலாம். கம்பெனியில் கூகுள் வால்ட்டில் தரவைத் தக்கவைக்கும் விதி போட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, விதி முடியும்வரை மெயிலும் டிரைவ் ஃபைலும் உள்ளே இருக்கும். வால்ட் யார் கையில் இருக்கிறதோ அவரை முதல் நாளே கூப்பிட்டுப் பேசுங்கள்.

லேப்டாப், பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் இவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காந்தத் தட்டு ஹார்டு டிஸ்க்கை ஒருமுறை முழுவதும் மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டி, பென் டிரைவில் ஒரு ஃபைலை மட்டும் உறுதியாக அழிக்க வழியில்லை, எஸ்எஸ்டி என்றால் முழு டிஸ்க்கையும் தயாரிப்பாளரின் செக்யூர் எரேஸ் கொண்டு அழிக்க வேண்டும். பென் டிரைவில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது, உடைத்துவிடுவதுதான் வழி. லேப்டாப் முதலிலிருந்தே முழு டிஸ்க் என்கிரிப்ஷனில் இருந்தால் சாதாரண டெலீட்டே பெரும்பாலும் போதுமான பாதுகாப்பு. ஆபீஸ் மாறியபோது ஒரு ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி செய்திருப்பார்கள், அது யாருடைய டிராயரிலோ இருக்கும். எச்எஸ்ஆர் டீமில் அது அட்மின் அலமாரியில், பழைய விசிட்டிங் கார்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது.

டம்பை எடுக்கும்போதே என்கிரிப்ட் செய்திருந்தால், சாவியை அழித்தாலே எல்லாப் பிரதியும் ஒரே அடியில் செல்லாக்காசு. கைக்கு எட்டாத பிரதிகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்தச் சாவி வேறு வாடிக்கையாளரின் பேக்கப்புக்கும் பயன்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ் சாவி என்றால் 7 முதல் 30 நாள் காத்திருப்பு இருக்கும், அதற்குள் யாராவது ரத்து செய்தால் சாவி திரும்ப வந்துவிடும். பாஸ்வேர்டு போட்ட ஜிப் என்றால், அந்தப் பாஸ்வேர்டு அதே மெயிலின் அடுத்த வரியில் இருக்கும். அதை என்கிரிப்ஷன் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

கடிதத்துக்கு வருவோம். வேலை நடக்கும்போதே ஒரு ஷீட் வைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இருந்த இடம், பைட் அளவு, உள்ளடக்கத்தின் ஹாஷ், டம்ப் எடுத்த தேதி, யார் அழித்தார், எப்போது, பின் அடுக்கு எப்போது காலியாகும். உள்ளே இருந்த பெயரோ போன் எண்ணோ மாதிரிக்குக்கூட இதில் வரக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது முன்னோட்டத்தில் டேபிளின் வரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆதாரத்துக்கு என்று எடுத்த படமே இன்னொரு பிரதி ஆகிவிடும்.

டெலீட் அழுத்திய நாளிலேயே கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஷீட்டின் கடைசிப் பத்தியில் உள்ள தேதிகளில் எது தூரமோ, அதுதான் உண்மையில் முடியும் நாள். கூகுள் டிரைவில் டிராஷைக் கையோடு காலி செய்தாலே 25 நாள், இமேஜ் பேக்கப் சுழற்சி 90 நாள் என்றால் 90 நாள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் இரண்டு கடிதமாகக் கொடுங்கள். முதலாவதில், இணைத்துள்ள பட்டியலில் உள்ள பிரதிகளை இந்தத் தேதியில் அழித்தோம், கீழ்க்கண்டவை இன்ன தேதிவரை மீட்பு அடுக்கில் இருக்கும், அதுவரை யாரும் திறக்க மாட்டோம் என்று எழுதுங்கள். அந்தத் தேதி கடந்ததும் வெர்ஷன் பட்டியல், ஸ்னாப்ஷாட் பட்டியல், மெயில் தேடல் மூன்றையும் மறுபடி ஓட்டி, காலியாக வந்தால் இரண்டாவது கடிதம். "எங்கள் வசம் எந்தப் பிரதியும் இல்லை" என்ற வாசகத்தை வாடிக்கையாளரின் வக்கீல் அனுப்பிய மாதிரியிலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். "எங்கள் கட்டுப்பாட்டில் உள்ள, பட்டியலிட்ட இடங்களில் தேடிக் கண்டறிந்த எல்லாப் பிரதிகளும்" என்று மாற்றக் கேளுங்கள். ரிப்போர்ட் மேடத்தின் மெயிலை வாங்கிய வெளியாளிடம் என்ன இருக்கிறது என்பதற்கு நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அவருக்கு அனுப்பிய கோரிக்கையையும் அவர் தந்த பதிலையும் இணைப்பாக வைத்தால் போதும்.